ரெஸ்டாரண்ட் குழுமத்துக்கு செஃப் எழுதும் மின்னஞ்சல்: செக்‌ஷன், சமையல் வகை, சேரும் தேதி

சேலத்திலும் ஏற்காட்டிலும் கிச்சனில் நல்ல கைப்பக்குவத்தோடு வேலை பார்க்கும் பலர், கோவையிலோ சென்னையிலோ நாலைந்து கிளைகள் வைத்திருக்கும் குழுமத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலே வராமல் காத்திருக்கிறார்கள். ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து அப்படிப்பட்ட மின்னஞ்சல்களை நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும்:

> ஐயா, எனக்கு 8 வருட அனுபவம். சவுத் இந்தியன், நார்த் இந்தியன், சைனீஸ், தந்தூரி, கான்டினென்டல் எல்லாம் தெரியும். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். உடனே சேரத் தயார்.

இதை எழுதியவர் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் தந்தூர் பார்க்கும் தம்பி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மின்னஞ்சலையே அடியிலிருந்து திருத்தி எழுதுவோம். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் செக்‌ஷன், அதிலிருந்து சமையல் வகை, பிறகு தேதி, கடைசியில்தான் தலைப்பு வரி.

## 1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழுமம் என்றால் உங்கள் மின்னஞ்சலை இரண்டு பேர் படிப்பார்கள். முதலில் எச்.ஆர். அவரிடம் ஒரு பட்டியல் இருக்கும்: இந்தக் கிளையில் தந்தூருக்கு ஒரு டிசிடிபி, அந்தக் கிளையில் சைனீஸுக்கு ஒரு கமி. பதவி, செக்‌ஷன், சேரும் தேதி இந்த மூன்றும் அந்தப் பட்டியலோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார். பொருந்தினால் கார்ப்பரேட் செஃபுக்கு அனுப்புவார். அவர் பார்ப்பது வேறு. இந்த ஆள் எத்தனை கவர் வரைக்கும் தனியாகத் தாங்குவார் என்பதுதான் அவருடைய கேள்வி. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

அதற்கு முதலில் உங்கள் செக்‌ஷனின் கணக்கு வேண்டும். இரண்டு வாரம், இரவு கிச்சனைச் சாத்தும் முன் உங்கள் செக்‌ஷனுக்கு வந்த கேஓடிகளை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை எத்தனை, சனிக்கிழமை இரவு எத்தனை என்று தனித்தனியாக. ஏற்காட்டில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். ஏப்ரல், மே சீசனில் இருந்திருந்தால் அந்தக் கணக்கு இன்னும் வேறு. நினைவிலிருந்து எழுதினால் எல்லோரும் கூட்டித்தான் எழுதுகிறார்கள், ட்ரையலில் அது தெரிந்துவிடும்.

எண்ணுவது உங்கள் செக்‌ஷனை மட்டும். ஹோட்டலின் மொத்த விற்பனை, ரெசிபி கார்டு, காஸ்டிங் இவற்றையெல்லாம் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும் கார்ப்பரேட் செஃப், நாளைக்கு எங்கள் ரெசிபியும் இப்படித்தான் வெளியே போகும் என்று எடுத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து காகிதங்கள். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நோட்டீஸ் எத்தனை நாள் என்று படியுங்கள். 30 நாள் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அதில் 45 என்று இருக்கலாம். உணவு கையாள்வோருக்கான இந்த ஆண்டின் மருத்துவத் தகுதிச் சான்று இருக்கிறதா, எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்டாக் பயிற்சி முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லுபடியில் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய, மாநில லைசன்ஸ் உள்ள இடங்களில் 25 உணவு கையாள்வோருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்கிறது. நிறையக் கிளை நடத்துகிறவர்களுக்கு அப்படி ஓர் ஆள் கூடுதலாகக் கிடைப்பது உதவிதான்.

## 2. செக்‌ஷன்களை மூன்று வரிசையாகப் பிரியுங்கள்

மின்னஞ்சலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து நீங்கள் நின்ற ஒவ்வொரு செக்‌ஷனையும் கீழே உள்ள மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

தனியாக ஓட்டியது. காலையில் இண்டென்ட் போடுவதிலிருந்து இரவு மிச்சத்தைத் தேதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வைப்பது வரை உங்கள் பொறுப்பு. ரஷ் நேரத்தில் மேலே யாரும் வந்து நிற்காமல் நீங்களே பிக்கப் கொடுத்தது.

ஆஃப் நாளில் பார்த்தது. அந்த செக்‌ஷனின் மாஸ்டர் வாராந்திர விடுப்பில் இருக்கும்போது நீங்கள் நின்றது. வேறொருவர் போட்டுவைத்த கிரேவியில், வேறொருவர் அமைத்த முறையில் ஓட்டியது.

உதவியாக நின்றது. காய் வெட்டியது, நூடுல்ஸ் வேகவைத்தது, மாவு பிசைந்தது. அடுப்பு உங்கள் கையில் இல்லை.

பலர் மூன்றையும் சேர்த்து "தெரியும்" என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகிறது என்றால், உண்மையாகவே தனியாக ஓட்டிய தந்தூரும், வெங்காயத்தாள் மட்டும் வெட்டிய சைனீஸும் ஒரே மதிப்புக்கு வந்துவிடுகின்றன. படிக்கிறவர் கீழே இருப்பதை வைத்துத்தான் மேலே இருப்பதை எடை போடுவார். 8 வருடத்தில் ஐந்து செக்‌ஷனில் மாஸ்டர் என்றால் எதிலும் முழுதாக நிற்கவில்லை என்றே அவருக்குப் படும்.

நம் தம்பியின் தாளில் இப்படி வந்தது. தந்தூர் தனியாக, மூன்று வருடம். இந்தியன் செக்‌ஷன் ஆஃப் நாளில், வாரத்தில் இரண்டு நாள். சைனீஸில் உதவி மட்டும், ரேஞ்ச் அவர் கைக்கு வரவில்லை. காலை டிஃபன் நேரத்தில் முட்டை கவுன்டரில் நின்றதைத்தான் கான்டினென்டல் என்று எழுதியிருந்தார். அதை முட்டை கவுன்டர் என்றே எழுதச் சொல்லலாம். பஃபே வைத்திருக்கும் கிளைக்கு அது தேவைப்படும், கான்டினென்டல் என்று எழுதினால் பாஸ்தாவையும் ஸ்டேக்கையும் செய்யச் சொல்வார்கள்.

முதல் வரிசையில் உள்ள செக்‌ஷனுக்கு மட்டும் விவரம் எழுதுங்கள். எத்தனை பேர் உட்காரும் ரெஸ்டாரண்ட், சாதாரண நாளில் எவ்வளவு, ரஷ் நாளில் எவ்வளவு, உங்களோடு எத்தனை ஹெல்பர், என்ன கருவி. தந்தூர் என்றால் கரியா கேஸா என்று கட்டாயம் எழுதுங்கள். கரியில் பழகியவர் கேஸ் தந்தூருக்கு மாறும்போது சூட்டைப் பிடிக்கச் சில நாள் ஆகும், அது செஃபுக்குத் தெரியும். சவுத் இந்தியன் என்றால் எத்தனை தோசைக்கல்லை ஒரே நேரத்தில் ஓட்டுவீர்கள் என்பது. சைனீஸ் என்றால் எத்தனை பர்னர் ரேஞ்ச் என்பது.

மலையிலிருந்து கீழே இறங்குகிறவர்கள் இன்னொரு வரியும் சேர்க்கலாம். ஏற்காட்டு மார்கழிக் குளிரில் நான் ரொட்டிக்கான மாவு உப்ப நேரமாகும், ஈரக் காற்றில் கரி பிடிக்கவும் நேரமாகும், அதற்கேற்ப வேலையை முன்கூட்டியே தொடங்கிப் பழகியிருப்பீர்கள். சேலத்திலோ சென்னையிலோ சித்திரை வெயிலில் நிலைமை தலைகீழ். தயிர் போட்ட மசாலா வெளியே இருந்தால் சீக்கிரம் புளித்துவிடும், மாவும் பொங்கிவிடும். அதனால் மாரினேட் செய்ததைச் சிறு சிறு டப்பாவாகப் பிரித்து, ஃப்ரிட்ஜிலிருந்து தேவைக்கு மட்டும் எடுப்பீர்கள் என்று ஒரு வரி இருந்தால், இடம் மாறினாலும் சமாளிக்கிறவர் என்று செஃபுக்குப் புரிந்துவிடும். முன்பு வெயில் ஊரில் வேலை பார்த்திருந்தால் மட்டும் இதை எழுதுங்கள். செய்து பார்க்காததை எழுதினால் அடுத்த கேள்வியிலேயே திணறுவீர்கள்.

## 3. சமையல் வகையை உணவின் பெயரால் சொல்லுங்கள்

செக்‌ஷன் எழுதி முடித்த பிறகுதான் சமையல் வகைக்கு வர வேண்டும். முதலில் இதை எழுதினால் மெனு கார்டைப் பார்த்து எழுதியது போல நீண்டுவிடும். செக்‌ஷன் தாள் முன்னால் இருந்தால், உண்மையாகவே அந்த அடுப்பிலிருந்து வெளியே போனது மட்டும் வரும்.

"நார்த் இந்தியன்" என்று நிறுத்தினால் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று நான்கு உணவுகள் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு கைவேலையைக் காட்டுவதாக இருக்கட்டும். தந்தூரில் பனீர் டிக்கா, சிக்கன் டிக்கா, மலாய் டிக்கா என்று மூன்று எழுதினால் எல்லாம் ஒரே மாதிரி வேலை. அதற்குப் பதில் ஒரு ரொட்டி வகை, எலும்போடு உள்ள கோழி ஒன்று, உடையாமல் கம்பியில் நிற்க வேண்டிய மீன் டிக்கா, கம்பியில் பிடித்துவைக்கும் சீக் கபாப் என்று நான்கு எழுதினால் உங்கள் கை எதுவரை போகும் என்று தெரிந்துவிடும். இந்தியன் செக்‌ஷனுக்கு உணவுப் பட்டியலைவிட எந்தெந்த பேஸ் கிரேவியை நீங்களே போடுவீர்கள் என்பது முக்கியம். மக்கனி, வெங்காயம்-தக்காளி, முந்திரி வெள்ளை கிரேவி இவற்றில் எது உங்கள் கையால் போட்டது, எது தயாராக வந்ததை எடுத்து உபயோகித்தது என்று பிரித்துச் சொல்லுங்கள். பேஸ் கிச்சனில் மொத்தமாகச் செய்து கிளைகளுக்கு அனுப்பும் குழுமங்களில் இதை வைத்துத்தான் உங்களை எங்கே போடுவது என்று முடிவு செய்வார்கள்.

நம்மூர்ச் சமையலைப் பலர் எழுதுவதே இல்லை. பள்ளிபாளையம் சிக்கன், சிந்தாமணி சிக்கன், அரிசி பருப்பு சாதம், மேட்டூர் அணை மீன் வறுவல் எல்லாம் வீட்டிலும் ஊரிலும் பழகியது, இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். கொங்கு மெனு வைத்திருக்கும் குழுமத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். ஆனால் வீட்டுக்குச் சமைத்ததா, ஸ்டாஃப் சாப்பாட்டுக்குச் செய்ததா, விருந்தினருக்கு மெனுவில் போனதா என்று குறிப்பிடுங்கள். பத்துப் பேருக்கு ஸ்டாஃப் மீலாகச் செய்ததையும் மறைக்காமல் சொல்லலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

நீங்கள் தொடாத பொருள் ஏதாவது இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள். சைவக் கிச்சன் மட்டும்தான் என்றாலோ, மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ கையாள மாட்டீர்கள் என்றாலோ ஒரு வரி போதும், காரணம் வேண்டாம். எந்தக் கிளைக்கு அனுப்புவது என்று அவர்கள் முடிவு செய்ய அது வசதி. சேர்ந்த பிறகு சொன்னால் இருவருக்கும் சங்கடம்.

## 4. எப்போது வர முடியும் என்பதைத் தேதியாக எழுதுங்கள்

"உடனே சேரத் தயார்" என்பது நல்ல வார்த்தை என்று நினைக்கிறார்கள். வேலையில் இருக்கும் ஒருவர் அப்படி எழுதினால், இப்போதைய இடத்தை நோட்டீஸ் கொடுக்காமல் விட்டுவிட்டு வருகிறவர், நம்மையும் அப்படியே விட்டுப் போவார் என்றுதான் எச்.ஆர். நினைப்பார். வேலையில் இல்லாதவர் மட்டும் அப்படி எழுதலாம். அப்போதும் முந்தைய இடத்தின் கடைசி வேலை நாளையும், ரிலீவிங் லெட்டர் கையில் இருப்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதில் இரண்டு தேதிகள் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. ஒன்று ட்ரையலுக்கு வரும் நாள், மற்றது சேரும் நாள்.

ட்ரையல் நாள் உங்கள் வாராந்திர விடுப்பை ஒட்டி இருக்கட்டும். ஏற்காட்டில் சனி, ஞாயிறு யாருக்கும் விடுப்பு கிடைக்காது, செவ்வாய் அல்லது புதன்தான் கிடைக்கும். காலை முன் தயாரிப்பிலிருந்து மதிய சர்வீஸ் வரை நிற்கச் சொல்வார்கள். வெளியூர் என்றால் முந்தைய இரவே மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். கனமழையில் மலைப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது உண்டு, இருபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டிக் காலையில் சரியான நேரத்துக்கு வந்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

சேரும் நாளை இப்படிக் கணக்குப் போடுங்கள். நோட்டீஸை ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதான் கொடுப்பீர்கள். அதனால் தேதி அவர்கள் எப்போது லெட்டர் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நம் தம்பிக்கு 30 நாள் நோட்டீஸ். ஜூன் 20-க்குள் லெட்டர் வந்தால் ஜூலை 20 கடைசி நாள், சாமான் எடுத்துக்கொண்டு ஜூலை 22-இல் சேரலாம். இந்தக் கணக்கையே எழுதிவிட்டால் எச்.ஆர். திரும்பக் கேட்க வேண்டியதில்லை. சீக்கிரம் வேண்டும் என்றால் சீக்கிரம் லெட்டர் தர வேண்டும் என்பதும் அவருக்குப் புரியும். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு ஜூன் நல்ல மாதம். சீசன் முடிந்திருக்கும், நடுவில் விட்டு ஓடுகிறவர் என்ற பேச்சு வராது.

அப்புறம் ஷிஃப்ட். பிரேக் ஷிஃப்ட், அதாவது மதிய சர்வீஸ் முடிந்து சில மணி நேரம் விட்டு மீண்டும் இரவு சர்வீஸ், உங்களுக்குச் சரிப்படுமா? தங்குமிடம் கிச்சனுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி, தூரமாக இருந்தால் அந்த இடைவேளை பஸ்ஸிலேயே போய்விடும். எந்த ஊர்க் கிளைகளுக்கு வருவீர்கள், தங்குமிடம் வேண்டுமா என்பதையும் இதோடு சேர்த்துவிடுங்கள். சேர்ந்த சில வாரங்களிலேயே விடுப்பு தேவைப்படும் என்று தெரிந்தால் இப்போதே சொல்வது நல்லது. நம் தம்பி ஜூலை கடைசியில் சேர்கிறார், அடுத்து கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வருகிறது. சேலத்துக்காரர் அதற்கு விடுப்புக் கேட்பார் என்று சென்னை எச்.ஆருக்கு எப்படித் தெரியும்?

சம்பளத்தை விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும் எழுதுங்கள். கேட்காதபோது எழுதும் எண் பெரும்பாலும் குறைவாகவே வந்து விழுகிறது, ஏனென்றால் அங்கே சாப்பாடும் தங்குமிடமும் சேர்த்தா, சர்வீஸ் சார்ஜ் உண்டா என்று தெரியாமல் எழுதுகிறோம்.

## 5. எல்லாவற்றையும் சேர்த்தால்

> மதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவினருக்கு, வணக்கம்.
>
> ஏற்காட்டில் 90 பேர் அமரும் ரெஸ்டாரண்ட் ஒன்றில் தந்தூர் டிசிடிபியாக இருக்கிறேன். உங்கள் கோவை, சேலம் கிளைகளில் தந்தூர் அல்லது இந்தியன் செக்‌ஷன் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன்.
>
> தனியாக ஓட்டுவது: தந்தூர், 3 ஆண்டுகள். கரி தந்தூர் ஒன்று, ஒரு ஹெல்பர். ரெஸ்டாரண்டில் வார நாள் இரவில் சுமார் 60 கவர், மே மாத வார இறுதியில் 220 வரை. இண்டென்ட், மாரினேஷன், மாவு, இரவு ஸ்டாக் அனைத்தும் என் பொறுப்பு.
>
> ஆஃப் நாளில் பார்ப்பது: இந்தியன் செக்‌ஷன், வாரத்தில் 2 நாள். மக்கனி, வெங்காயம்-தக்காளி கிரேவி நானே போடுவேன். வெள்ளை கிரேவி செக்‌ஷன் மாஸ்டர் போட்டதை உபயோகிக்கிறேன்.
>
> உதவியாக நின்றது: சைனீஸ் முன் தயாரிப்பு, காலை முட்டை கவுன்டர்.
>
> உணவுகள்: பட்டர் நான், ரூமாலி ரொட்டி, தங்டி கபாப், மீன் டிக்கா, மட்டன் சீக் கபாப். கொங்கு வகையில் பள்ளிபாளையம் சிக்கன் எங்கள் மெனுவில் இருக்கிறது, வாரத்தில் 2 நாள் நான் செய்கிறேன். மாட்டிறைச்சி கையாள்வதில்லை.
>
> ட்ரையல்: எந்தச் செவ்வாய்க்கிழமையும் வர இயலும், 3 நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும். சேர்வது: 30 நாள் நோட்டீஸ். ஜூன் 20-க்குள் ஆஃபர் லெட்டர் கிடைத்தால் ஜூலை 22. பிரேக் ஷிஃப்ட் சம்மதம். கோவை என்றால் தங்குமிடம் தேவை. ஆடித் திருவிழாவுக்கு 2 நாள் விடுப்பு வேண்டியிருக்கும்.
>
> இப்போது வேலை பார்க்கும் இடத்தில் ஆஃபர் உறுதியாகும் வரை விசாரிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். முந்தைய இரண்டு இடங்களின் செஃப்களுடைய தொடர்பு விவரம் பயோடேட்டாவில் உள்ளது.
>
> இப்படிக்கு,
> (பெயர், கைபேசி எண், மதியம் 3:30 முதல் 6 மணிக்குள் அழைக்கலாம்)

அழைக்கும் நேரம் சின்ன விஷயம்போலத் தெரியும். சர்வீஸ் நடுவில் வரும் அழைப்பை யாரும் எடுப்பதில்லை, எச்.ஆர். அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். செஃப்களின் எண்ணைக் கொடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குழுமத்தின் அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். இதே வரிசையில், இதே அளவில் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க உதவுகிறவர் அலங்காரமாக இரண்டு பத்தி சேர்க்க வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

## 6. தலைப்பு, இணைப்பு, அனுப்பும் முன் பார்வை

தலைப்பில் "வேலைக்கான விண்ணப்பம்" என்று போட்டால் நூறில் ஒன்றாகிவிடும். "தந்தூர் டிசிடிபி, 3 ஆண்டு தனிப் பொறுப்பு, ஏற்காடு, ஜூலை 22 முதல்" என்று எழுதுங்கள். எச்.ஆர். தன் பட்டியலோடு ஒப்பிட வேண்டியது அனைத்தும் திறக்காமலே தெரிகிறது. இதற்காகத்தான் தலைப்பைக் கடைசியில் எழுதச் சொன்னேன், உள்ளே எழுதியதிலிருந்துதான் அது வருகிறது.

பயோடேட்டா ஒரே பிடிஎஃப், கோப்பின் பெயரிலும் செக்‌ஷன் இருக்கட்டும்: `DCDP_Tandoor_Name.pdf`. மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று இரண்டையும் அதன் கடைசிப் பக்கங்களாகச் சேர்த்துவிடலாம். படங்கள் மூன்று போதும், உங்கள் கையால் போட்ட தட்டாக, உங்கள் கிச்சனின் பாஸில் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த படத்தைச் செஃப்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். அதோடு மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஹோட்டல் அலுவலகக் கணினியிலிருந்தும், கிச்சனுக்கென்று உள்ள பொது மின்னஞ்சலிலிருந்தும் அனுப்பாதீர்கள். ஐந்து குழுமங்களின் முகவரியை ஒரே பெறுநர் வரியில் போட்டு அனுப்புவதும் வேண்டாம், எல்லோருக்கும் எல்லோரும் தெரிவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக, அந்தக் குழுமத்தின் கிளை ஊர்களை மாற்றி எழுதி அனுப்புங்கள். அனுப்பும் முன் ஊரின் பெயரையும் தேதியையும் மட்டும் இன்னொரு முறை படியுங்கள், பழையதை நகலெடுக்கும்போது தவறுவது இந்த இரண்டும்தான்.

பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால் புதிதாக எழுத வேண்டாம். அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக இரண்டு வரி போதும்: "மேலே உள்ள விண்ணப்பம் தொடர்பாக. ஜூலை 1-க்குள் ஆஃபர் லெட்டர் கிடைத்தால் ஆகஸ்ட் 2-இல் சேர இயலும். ட்ரையலுக்கு வரும் செவ்வாய் வர முடியும்."